சவர்க்காரப் படலமும் வில்லைப் பூச்சும்: ஒளி மறைய மிகக் குறைந்த தடிப்பு எது?

கல்லடியில் உயர்தர பௌதிகவியல் மாணவர்களுக்கு நான் நடத்தும் செய்முறை வகுப்பில் இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு வினா கொடுத்திருந்தேன். முதற் பகுதியில், முறிவுச் சுட்டி 1.33 உள்ள சவர்க்காரப் படலம் ஒன்று வளியில் நிற்கிறது. அதன் மேல் 589 நனோமீற்றர் அலைநீளமுள்ள சோடிய ஒளி செவ்வனாக விழுகிறது. தெறித்து வரும் ஒளி மறைந்து படலம் இருளாகத் தெரிய வேண்டுமானால் அதன் மிகக் குறைந்த தடிப்பு என்ன? இரண்டாம் பகுதியில், முறிவுச் சுட்டி 1.52 உள்ள கண்ணாடி வில்லை மீது 1.38 உள்ள மக்னீசியம் புளோரைட்டுப் பூச்சு இருக்கிறது. 550 நனோமீற்றர் பச்சை ஒளியின் தெறிப்பை அடக்க அந்தப் பூச்சு குறைந்தது எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்?

அலைநீளத்தை λ என்றும் முறிவுச் சுட்டியை n என்றும் வைத்து, ஒரு மாணவி இரண்டுக்கும் λ/4n என்ற சூத்திரத்தைப் போட்டாள். படலத்துக்கு 110.7 நனோமீற்றர், பூச்சுக்கு 99.6 நனோமீற்றர். பக்கத்து வாங்கில் இருந்த மாணவன் இரண்டுக்கும் λ/2n போட்டான். அவனுக்குப் படலம் 221.4, பூச்சு 199.3. இருவருக்கும் ஆளுக்கொரு பகுதி சரி, ஒரு பகுதி பிழை. இருவருடைய பெருக்கல் வகுத்தலிலும் எந்தக் குறையும் இல்லை.

இந்த இரண்டு பிழைகளையும் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இவை கொஞ்சம் தள்ளிப் போன விடைகள் அல்ல, நேர் எதிரான விடைகள். மாணவி சொன்ன 110.7 நனோமீற்றரில் சவர்க்காரப் படலம் இருளாக இருக்காது. அந்த ஒளியில் அது எவ்வளவு பிரகாசமாகத் தெறிக்க முடியுமோ அவ்வளவு பிரகாசமாகத் தெறிப்பது அந்தத் தடிப்பில்தான். மாணவன் சொன்ன 199.3 நனோமீற்றர் பூச்சை வில்லையில் பூசினால், 550 நனோமீற்றர் ஒளிக்குப் பூச்சே இல்லாத வெறும் கண்ணாடி எவ்வளவு தெறிக்குமோ அதே அளவு தெறிக்கும். பூசியும் பூசாத மாதிரித்தான்.

இரண்டு முகங்களில் நடப்பது

மெல்லிய படலத்தில் ஒளி இரண்டு இடங்களில் தெறிக்கிறது. ஒரு பகுதி முன்முகத்திலேயே திரும்புகிறது. இன்னொரு பகுதி உள்ளே போய், பின்முகத்தில் தெறித்து, திரும்ப வெளியே வருகிறது. படலத்தின் தடிப்பு t என்றால், இந்த இரண்டாவது அலை படலத்துக்குள் போகவும் வரவும் 2t தூரம் கூடுதலாகப் பயணம் செய்கிறது. படலத்துக்குள் அலைநீளம் λ/n ஆகச் சுருங்கிவிடுவதால், கணக்கில் எடுக்க வேண்டிய பாதை வித்தியாசம் 2nt. இது வரைக்கும் எல்லா மாணவர்களும் சரியாகவே எழுதுவார்கள்.

தவறவிடுவது தெறிப்பு நடக்கும் அந்தக் கணத்தில் என்ன ஆகிறது என்பதை. குறைந்த முறிவுச் சுட்டியுள்ள ஊடகத்தில் வரும் ஒளி, கூடிய முறிவுச் சுட்டியுள்ள ஊடகத்தில் பட்டுத் தெறிக்கும்போது அலை தலைகீழாகிறது. முடி இருந்த இடத்தில் தாழி வருகிறது. அரை அலைநீளம் பிந்தியதற்குச் சமன் அது. கூடியதிலிருந்து குறைந்ததில் பட்டுத் தெறித்தால் அப்படி எதுவும் நடக்காது.

சவர்க்காரப் படலத்தில் முன்முகத்தில் ஒளி வளியிலிருந்து நீரில் படுகிறது, அங்கே தலைகீழாகிறது. பின்முகத்தில் நீரிலிருந்து வளியில் படுகிறது, அங்கே ஆகாது. ஆக ஒன்று புரண்டு வருகிறது, மற்றது புரளாமல் வருகிறது. பாதை வித்தியாசம் எதுவுமே இல்லாவிட்டாலும் இரண்டும் ஏற்கெனவே எதிரெதிராகத்தான் நிற்கின்றன. அந்த எதிர்நிலை கெடாமல் இருக்க, உள்ளே போய் வரும் பாதை முழு அலைநீளங்களாக இருக்க வேண்டும்:

`2nt = mλ`, அதாவது பூச்சியத்தை விட்டால் மிகக் குறைந்தது `t = λ/2n = 589/2.66 = 221.4 nm`

வில்லைப் பூச்சில் கதை வேறு. முன்முகத்தில் வளியிலிருந்து 1.38க்குப் போகிறது, தலைகீழ். பின்முகத்தில் 1.38இலிருந்து 1.52க்குப் போகிறது, அதுவும் தலைகீழ். இரண்டும் புரண்டதால் புரண்டதன் விளைவு ஒன்றையொன்று சமன் செய்துவிடுகிறது. இப்போது எதிர்நிலையைப் பாதை வித்தியாசம்தான் உண்டாக்க வேண்டும், அதற்கு அரை அலைநீளம் வேண்டும்:

`2nt = (m + 1/2)λ`, மிகக் குறைந்தது `t = λ/4n = 550/5.52 = 99.6 nm`

இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பரீட்சை மண்டபத்தில் மாறிப் போடும் பிள்ளைகள் ஏராளம். நான் சொல்லிக்கொடுப்பது வேறொரு வழி. சூத்திரத்தைத் தொடும் முன்பு, படலத்தின் தடிப்பைப் பூச்சியமாக்கி என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். சவர்க்காரப் படலத்தைப் பூச்சியமாக்கினால் வளிக்கும் வளிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, தெறிக்க ஏதும் இல்லை, ஆகவே இருள். பூச்சியத்திலேயே இருள் என்றால் அடுத்த இருள் ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு, λ/2n இல். வில்லைப் பூச்சைப் பூச்சியமாக்கினால் வெறும் கண்ணாடி மிஞ்சுகிறது. அது தெறிக்கத்தான் செய்யும். நாம் அடக்க வந்ததே அந்தத் தெறிப்பைத்தானே. ஆகவே முதல் இருள் அரைச் சுற்றில், λ/4n இல்.

படலத்திடமே கேட்டது

மாணவி இதை ஏற்றுக்கொண்டாலும் முகத்தில் திருப்தி இல்லை. "பூச்சியத்தில இருள் எண்டு சொல்லுறீங்க சேர், படலமே இல்லாட்டி இருளா வெளிச்சமா எண்டு யார் பாத்தது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடையை ஆய்வுகூடத்திலேயே காட்டலாம்.

கம்பியை வளைத்து உள்ளங்கை அளவில் ஒரு சட்டம் செய்தோம். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, படலம் கொஞ்ச நேரம் நிற்பதற்காகக் கிளிசரின் சிறிது சேர்த்தோம். கிளிசரின் முறிவுச் சுட்டியைச் சற்றுக் கூட்டும். கரைசலின் சுட்டி 1.34 ஆனால்கூட விடை 221.4இலிருந்து 219.8க்குத்தான் வருகிறது, ஆகவே அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைச் செய்ய நான் விரும்புவதில்லை. அந்த வரட்சியில் படலம் வடிந்து மெலிவதற்கு முன்பே நீர் ஆவியாகி உடைந்து போகும். மாரி காலத்து ஈரக் காற்றில் அதே கரைசல் பொறுமையாக நிற்கும்.

சோடிய விளக்கை நேரடியாகக் காட்டினால் படலத்தில் விளக்கின் சிறு பிம்பம் மட்டுமே தெரியும், பட்டைகள் தெரியாது. எனவே விளக்குக்கு முன்னால் எண்ணெய்த்தாள் ஒன்றைக் கட்டி, அந்த மஞ்சள் தாள் முழுவதும் படலத்தில் தெறிக்கும்படி வைத்தோம். படலத்துக்குப் பின்னால் கறுப்புத் துணி. சட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, கூடியவரை நேராகப் பார்க்க வேண்டும். 45 பாகை சாய்ந்து பார்த்தால் படலத்துக்குள் ஒளி போகும் கோணம் மாறி, முதல் இருள் பட்டை 221க்குப் பதிலாகச் சுமார் 261 நனோமீற்றர் தடிப்புள்ள இடத்துக்கு நகர்ந்துவிடும்.

முதலில் படலம் முழுக்க மஞ்சளாகவே தெரியும். நீர் கீழே வடிய வடிய, மஞ்சளும் கறுப்புமாகக் கிடையான பட்டைகள் தோன்றும். கீழே அவை நெருக்கமாகவும், மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். பிறகு சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பகுதி உண்டாகி மெதுவாகக் கீழே பரவும். அதன் கீழ் எல்லை மற்றப் பட்டைகளைப் போல மங்கலாக இருக்காது. கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருக்கும்.

"சேர், மேல கறுப்பாக் கிடக்கு. உடைஞ்சிட்டு போல."

"உடையல்ல புள்ள. ஈர்க்கை நனைச்சு மெதுவாக் குத்திப் பார்."

ஈர்க்கை கரைசலில் தோய்த்து அந்தக் கறுப்புக்குள் விட்டாள். அது உள்ளே போய் மறுபக்கம் வந்தது, படலம் அப்படியே நின்றது. ஓட்டை என்றால் படலம் முழுவதும் அந்த நொடியே போயிருக்கும். மெதுவாக மூச்சு விட்டால் கறுப்புப் பகுதியும் மற்றதோடு சேர்ந்து அசையும். அங்கே படலம் இருக்கிறது, ஆனால் ஒளியின் அலைநீளத்தோடு பார்க்க அதன் தடிப்பு ஒன்றுமில்லை என்ற அளவு. தடிப்பு 10 நனோமீற்றர் என்று வைத்தால், விழும் சோடிய ஒளியில் 0.2 சதவீதத்துக்கும் குறைவாகவே தெறிக்கும். கண்ணுக்கு அது கறுப்பு.

அவள் கேட்ட கேள்விக்கு விடை அந்தக் கறுப்புத்தான். இரு முகங்களிலும் ஒரே மாதிரிப் புரட்டல் நடந்திருந்தால், படலம் மெலிய மெலிய இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று கூடி மேல் விளிம்பு பிரகாசமாக முடிந்திருக்க வேண்டும். அது கறுத்தது. ஒரு புரட்டல் மட்டுமே நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

கறுப்பிலிருந்து கீழே இறங்கி எண்ணினால் படலத்தின் தடிப்பையே வாசித்துவிடலாம். கறுப்புக்குக் கீழே வரும் முதல் மஞ்சள் பட்டையின் நடுவில் தடிப்பு 110.7 நனோமீற்றர். மாணவி இருளுக்கு எழுதிய அதே எண் அங்கே மிகப் பிரகாசமான இடத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே வரும் இருள் பட்டையில் 221.4. மேலேயுள்ள கறுப்பைச் சேர்க்காமல் ஐந்தாவது இருள் பட்டை வரை எண்ணினால் 1107 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட. ஆனால் இந்த எண்ணிக்கைக்கு மேலேயுள்ள கறுப்பு தோன்றியிருக்க வேண்டும். அது வருவதற்கு முன்பு எண்ணத் தொடங்கினால் எது எத்தனையாவது பட்டை என்று சொல்ல வழியில்லை.

இங்கே புள்ளி போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "மிகக் குறைந்த தடிப்பு" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு பிள்ளை "பூச்சியத்தை அண்மித்த எந்தத் தடிப்பும்" என்று எழுதினால் அது பிழையில்லை. அந்தக் கறுப்புப் பகுதி நிஜமாகவே இருக்கிறது, கண்ணால் காணலாம். 221.4 தான் வேண்டுமென்றால் "பூச்சியமல்லாத மிகக் குறைந்த தடிப்பு" என்று வினாவிலேயே எழுத வேண்டும். என் வினாத்தாளில் அந்தச் சொல்லைச் சேர்த்த பிறகுதான் அடுத்த வகுப்புக்குக் கொடுத்தேன்.

தலைகீழாகும் விதியைச் சோதித்த பழைய பரிசோதனை ஒன்றும் இங்கே பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங், இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் வளிக்குப் பதிலாக சசபிராஸ் எண்ணெயை விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் கிரவுன் கண்ணாடி, மறுபக்கம் பிளிண்ட் கண்ணாடி. எண்ணெயின் முறிவுச் சுட்டி அந்த இரண்டுக்கும் இடையில். வளி இருந்தால் கண்ணாடிகள் தொடும் நடுவிடம் கறுப்பாக இருக்கும். எண்ணெய் விட்டதும் அது வெள்ளையாக மாறியது. சுட்டிகள் படிப்படியாக ஏறினாலும் இறங்கினாலும் இரு முகங்களிலும் ஒரே மாதிரி நடக்கிறது, ஆகவே பூச்சியத் தடிப்பில் பிரகாசம். வில்லைப் பூச்சும் இந்த வகைதான்.

பூச்சு ஏன் முழுதாக அடக்குவதில்லை

இரண்டு அலைகள் எதிரெதிராக நின்றால் மட்டும் போதாது, அவற்றின் வீச்சம் சமமாகவும் இருந்தால்தான் முழுதாக அழியும். சவர்க்காரப் படலத்தில் இரு முகங்களும் வளியும் நீரும் சந்திக்கும் ஒரே வகை முகங்கள் என்பதால் வீச்சங்கள் கிட்டத்தட்டச் சமம். அதனால்தான் அதன் இருள் பட்டைகள் அவ்வளவு கறுப்பு.

பூச்சில் அப்படியில்லை. முன்முகத்தில் சுட்டி 1இலிருந்து 1.38க்குப் பெரிய பாய்ச்சலாகப் பாய்கிறது, பின்முகத்தில் 1.38இலிருந்து 1.52க்குச் சிறிய பாய்ச்சல்தான். முன்முகத்தில் தெறிக்கும் அலையின் வீச்சம், விழும் அலையின் வீச்சத்தில் 0.16 பங்கு. பின்முகத்தினது ஏறத்தாழ 0.05. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து வர்க்கித்தால் ஏறத்தாழ 1.2 சதவீத ஒளி இன்னும் தெறிக்கிறது. வெறும் கண்ணாடி தெறிப்பது 4.3 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. குறைந்த அந்த ஒளி எங்கேயும் காணாமற் போவதில்லை, அது வில்லையினூடாகக் கடந்து போகிறது.

முழுதாக அழிய வேண்டுமானால் பூச்சின் சுட்டி, கண்ணாடியின் சுட்டியினது வர்க்கமூலமாக இருக்க வேண்டும். 1.52க்கு அது 1.23. அவ்வளவு குறைந்த சுட்டியும் துடைத்தால் அழியாத உறுதியும் ஒருங்கே உள்ள திண்மம் கிடைப்பது அரிது என்பதால்தான் 1.38 உள்ள மக்னீசியம் புளோரைட்டோடு அமைகிறார்கள். கண்ணாடியின் சுட்டி 1.9 என்றால் அதன் வர்க்கமூலம் 1.38, அங்கே இதே பூச்சு ஏறக்குறைய முழுதாக அடக்கிவிடும்.

மாணவன் இங்கே ஒன்று கேட்டான். 99.6 சரி என்றால் அதன் மூன்று மடங்கான 298.9 நனோமீற்றரிலும் 550 மறையும்தானே, தடிப்பான பூச்சு உறுதியாக இருக்குமே, ஏன் குறைந்ததைத் தேட வேண்டும்? 550ஐ மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் கண் பார்ப்பது 550ஐ மட்டும் அல்ல. 450 நனோமீற்றர் நீல ஒளியில் 99.6 பூச்சு 1.6 சதவீதம் தெறிக்கும், 298.9 பூச்சு 3.5 சதவீதத்துக்கு மேல் தெறிக்கும். 650 சிவப்பில் முறையே 1.4, 2.6. தடிப்பு கூடக் கூட, அலைநீளத்தில் சிறு மாற்றம் வந்தாலும் அலைகள் எதிர்நிலையிலிருந்து சீக்கிரமாக விலகிப் போகின்றன. மிகக் குறைந்த தடிப்பைத் தேடுவது பூச்சுப் பொருளை மிச்சம் பிடிக்க அல்ல, பச்சையின் இரு பக்கத்து நிறங்களையும் சேர்த்து அடக்கத்தான்.

அப்படியும் நீல ஊதாவும் சிவப்பும் பச்சையை விடச் சற்றுக் கூடுதலாகத் தப்பி வருகின்றன. பழைய கமெரா வில்லையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தெரியும் ஊதா மினுக்கம் அதுதான். ஆய்வுகூடத்தில் இருந்த ஒரு பழைய வில்லையைப் பிள்ளைகள் கைமாறிப் பார்த்தார்கள். நேராகப் பார்த்தால் ஊதா, சாய்த்தால் நிறம் சிவப்பின் பக்கம் நகர்கிறது. 45 பாகை சாய்க்கும்போது மறையும் அலைநீளம் 550இலிருந்து சுமார் 472 நனோமீற்றருக்கு இறங்கி நீலத்தை அடக்குவதால், சிவப்பு மிஞ்சுகிறது.

மாணவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது மினுக்கம் பச்சையாக இருந்தது, இதனால் குழப்பம் வந்தது. இன்றைய மூக்குக்கண்ணாடிகளில் பெரும்பாலானவை பிளாஸ்ரிக் வில்லைகள். மக்னீசியம் புளோரைட்டு உறுதியாகப் பிடிக்க, பூசும்போது கண்ணாடியை நன்றாகச் சூடாக்க வேண்டும். பிளாஸ்ரிக் அந்தச் சூட்டைத் தாங்காது. அவற்றில் கூடிய சுட்டியும் குறைந்த சுட்டியும் மாறி மாறி வரும் பல படைகள் இருக்கின்றன. நீலத்தையும் சிவப்பையும் நன்றாக அடக்கிவிட்டு நடுவில் கொஞ்சம் பச்சையை விடுகின்றன. எங்கள் ஒற்றைப் படைக் கணக்கை அந்த வில்லைக்குப் போட்டுத் தடிப்பைச் சொல்ல முடியாது. பச்சை மினுக்கம் தெரிந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுவதே சரி.

வாவியில் மிதக்கும் எண்ணெய்

இருவரும் தங்கள் விடைகளைத் திருத்திய பிறகு, புதிதாக ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். வாவியில் இயந்திரத் தோணி நிற்கும் இடத்தில் டீசல் படலம் பரவியிருக்கிறது. எண்ணெயின் சுட்டி 1.45, கீழே நீர் 1.33. 550 நனோமீற்றரில் தெறிப்பு மிகக் குறையும், பூச்சியமல்லாத மிகக் குறைந்த தடிப்பு எது?

மாணவி இந்த முறை பூச்சியத்திலிருந்து தொடங்கினாள். எண்ணெய் இல்லாவிட்டால் வெறும் நீர், அது தெறிக்கும், ஆகவே λ/4n என்று எழுதப் போனாள். மாணவன் தடுத்தான். முன்முகத்தில் வளியிலிருந்து எண்ணெய், தலைகீழ். பின்முகத்தில் எண்ணெயிலிருந்து குறைந்த சுட்டியுள்ள நீர், தலைகீழாகாது. ஒரு புரட்டல்தான், அப்படியென்றால் λ/2n, 189.7 நனோமீற்றர்.

மாணவன் சொன்னதுதான் சரி, ஆனால் மாணவியின் தடுமாற்றம் நியாயமானது. பூச்சியத்தை வைத்துப் பார்க்கும் வழிக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. இருபுறமும் ஒரே ஊடகம் என்றால் பூச்சியம் நேரடியாக விடை சொல்லிவிடும். கீழே வேறொரு ஊடகம் இருந்தால் "வெறும் முகம் தெறிக்கிறது" என்பது மட்டும் போதாது; படலம் வந்ததும் அந்தத் தெறிப்பு கூடுமா குறையுமா என்று கேட்க வேண்டும். நடுவிலுள்ள சுட்டி மற்ற இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் குறையும், இரண்டையும் விடக் கூடியதாக இருந்தால் கூடும். வில்லைப் பூச்சு முதல் வகை, வாவி எண்ணெய் இரண்டாம் வகை.

எண்களும் அதையே சொல்கின்றன. வெறும் நீர் செவ்வனாக விழும் ஒளியில் 2 சதவீதத்தைத் தெறிக்கும். எண்ணெய் 94.8 நனோமீற்றர், அதாவது λ/4n, ஆகும்போது தெறிப்பு 5 சதவீதத்துக்கு ஏறுகிறது. 189.7இல் திரும்பவும் 2க்கு இறங்குகிறது, அதற்குக் கீழே போவதில்லை. தோணியிலிருந்து விலகி எண்ணெய் மெலிந்து போன ஓரங்கள், சுற்றியுள்ள தண்ணீரை விட வெளுத்து வெள்ளி போலத் தெரிவதற்குக் காரணம் இந்த 5 சதவீதம். தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய் எந்தத் தடிப்பில் இருந்தாலும், தெறிப்பில் அது வெறும் தண்ணீரை விடக் கறுப்பாக முடியாது.